பிளக் உள்ளே போனால் போதுமா?

"அண்ணா, அக்டோபரில் முதுகலை படிக்க ஜெர்மனியில் இருக்கும் டார்ட்முண்ட் வருகிறேன். அங்கே என் அறைச் சுவரில் இருக்கும் சாக்கெட், ஊரில் நான் எடுத்து வைத்திருக்கும் பிளக்குகள், புதிதாக வாங்கிய யுனிவர்சல் அடாப்டர் எல்லாவற்றின் படமும் போட்டிருக்கிறேன். எது எதில் பொருந்தும்? மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு கொண்டு வரலாமா? குளிருக்கு கோட், சிம் கார்டு, வங்கிக் கணக்கு பற்றியும் சொல்லுங்கள்."

கோட்டை இங்கே வந்து வாங்குங்கள் தம்பி, சென்னையில் விற்கும் கோட் நவம்பர் தாண்டாது. சிம்மும் வங்கியும் உங்கள் பல்கலைக்கழகத்து சீனியர்கள் சொல்வார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது படத்தில் வலது ஓரத்தில் இருக்கும் அந்த வெள்ளை அடாப்டர்தான்.

முதலில் சுவர். வட்டமான பள்ளம், அதற்குள் இரண்டு ஓட்டை, மேலும் கீழும் பளபளக்கும் இரண்டு உலோகப் பட்டை. இது ஷூக்கோ, எழுத்துக் கணக்கில் எஃப் வகை. அந்தப் பட்டைகள்தான் எர்த். நம் ஊரில் மூன்றாவது தடித்த பின் செய்யும் வேலையை இங்கே அவை செய்கின்றன. நம் ஊர் சாக்கெட்டில் இருப்பதுபோல் பக்கத்தில் சுவிட்ச் இருக்காது, தேடாதீர்கள். செருகினால் மின்சாரம் வந்துவிடும்.

இடது பக்கம் இருக்கும் மெல்லிய இரண்டு பின் செல்போன் சார்ஜர் அப்படியே போகும். ஐரோப்பாவின் சி வகைப் பின்னும் ஏறக்குறைய இதே கனம்தான். கொஞ்சம் தளர்வாக நின்றாலும் செல்போன் இழுக்கும் மின்சாரம் குறைவு, கவலை இல்லை. நடுவில் இருக்கும் மிக்ஸி பிளக் நம் 5 ஆம்ப் மூன்று பின், டி வகை. அதன் பக்கத்தில் இருக்கும் பெரியது, இண்டக்‌ஷன் அடுப்புடையது, 15 ஆம்ப், எம் வகை. இரண்டுமே இங்கே நேராகப் போகாது. பின்கள் தடிமன். அது மட்டுமல்ல, சாக்கெட்டின் பள்ளம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் ஆழம், நம் பிளக்கின் தலை அதற்குள் இறங்காமல் விளிம்பிலேயே முட்டி நின்றுவிடும்.

மின்னழுத்தம் பற்றி யார் பயமுறுத்தினாலும் கேட்காதீர்கள். அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட், இரண்டிலும் 50 ஹெர்ட்ஸ். நான் கிளம்பும்போது அமெரிக்காவில் இருக்கும் மாமா ஒருவர், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் போகாதே என்று மூன்று முறை போன் செய்தார். அங்கே 120 வோல்ட், அது அவர் கதை. அமெரிக்கா போனவர்களுக்கு உலகம் முழுவதும் அமெரிக்கா.

இப்போது உங்கள் அடாப்டர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவருக்குள் போகும் பக்கத்தில் இரண்டு மெல்லிய பின் மட்டும்தான் இருக்கிறது, ஓரத்தில் உலோகமே இல்லை. அப்படியென்றால் மிக்ஸியின் எர்த் பின் முன்பக்க ஓட்டைக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும், ஆனால் அதற்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. மிக்ஸி ஓடும், சட்னி அரையும், எதுவும் குறையாகத் தெரியாது. உள்ளே ஒரு வயர் உரசி உலோக பாகத்தைத் தொடும் நாளில்தான் ஷாக் அடித்துத் தெரியும். உலோக உடம்பு லேப்டாப்பில் கை வைத்தால் சுருசுருவென்று ஒரு கூச்சம் வருகிறதா? மூன்று பின் சார்ஜரை எர்த் இல்லாத வழியில் செருகியிருக்கிறீர்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இரண்டாவது, அதன் அடியில் பொடி எழுத்தில் 6 ஆம்ப் என்று போட்டிருக்கிறது. 6 ஆம்பை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். உங்கள் இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், அதாவது 9 ஆம்புக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே வீடுகளில் ஒரு வரிசை சாக்கெட்டுக்கு வழக்கமாக 16 ஆம்ப் பிரேக்கர் போடுவார்கள். 9 ஆம்ப் போவதைப் பார்த்து அது ஏன் விழ வேண்டும்? சுவருக்குள் இருக்கும் வயருக்குத்தான் அது காவல், உங்கள் அடாப்டருக்கு இல்லை. லண்டன்காரர்களின் பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கும், அதனால் அவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்கள் சொல்வதை வைத்து ஜெர்மனியில் குடித்தனம் நடத்த முடியாது.

நான் வந்த புதிதில் நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். மதுரைக்காரர் ஒருவர் இதே மாதிரி அடாப்டரில் இதே மாதிரி அடுப்பை வைத்துத் தினமும் சாம்பார் கொதிக்கவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடெல்லாம் கருவாட்டு வாசனை. மாடியில் இருந்த பெங்காலிக் குடும்பத்தைச் சந்தேகப்பட்டு ஜன்னலைத் திறந்து வைத்தோம். அடாப்டர் இளகி சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சூடேறும் பிளாஸ்டிக் சில சமயம் மீன் வாசனைதான் அடிக்கும் என்று சாக்கெட் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் சொன்னார். பிரேக்கர் கடைசிவரை விழவே இல்லை. சாக்கெட்டுக்கும் பெயின்ட்டுக்கும் வீட்டுக்காரர் முன்பணத்தில் கழித்த தொகையை இன்றும் நான் மன்னிக்கவில்லை. இன்றும் வருகிற பிள்ளைகளிடம் "எல்லாம் போகும்டா, நாங்க அப்படித்தானே இருந்தோம்" என்று சொல்லும் சீனியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம். சார்ஜர் கட்டியிலிருந்து கழன்று வருகிற வயர் இருக்கிறது அல்லவா, அதன் முனை பெரும்பாலும் மூன்று இலை வடிவமோ எட்டு வடிவமோ இருக்கும். அதே முனையும் மறுபக்கம் ஜெர்மன் பிளக்கும் உள்ள வயர் இங்கே சில யூரோவுக்குக் கிடைக்கும். இண்டக்‌ஷன் அடுப்பை அங்கேயே விட்டுவிடுங்கள், இங்கே மலிவு.

மிக்ஸியைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். இங்கே விற்கிற பிளெண்டர் ஜூஸ் அடிக்கும், இட்லி மாவுக்குத் திணறும். அதற்கு, ஓரத்தில் எர்த் பட்டை உள்ள, 16 ஆம்ப் என்று போட்ட, இந்திய மூன்று பின்னிலிருந்து ஷூக்கோவுக்கு மாற்றும் தனி அடாப்டர் வாங்குங்கள். மல்டிமீட்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால், சுவரில் செருகாமல், பெரிய ஓட்டைக்கும் பக்கப் பட்டைக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பீப் சத்தம் வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான் பிளக்கையே மாற்றிவிட்டேன். பழையதை வெட்டி, கட்டுமானப் பொருள் கடையில் வாங்கிய ஷூக்கோ பிளக்கைப் போட்டேன். பச்சை மஞ்சள் வயர் எர்த் திருகுக்கு, மற்ற இரண்டும் எந்தப் பின்னுக்குப் போனாலும் சரி, ஏனென்றால் ஷூக்கோவைத் திருப்பியும் செருகலாம். எர்த் வயரை மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். வயரை யாராவது வெடுக்கென்று இழுத்தால் அது கடைசியில்தான் கழல வேண்டும். பழக்கம் இல்லையென்றால் நீங்கள் இதைத் தொடாதீர்கள்.

அந்த மிக்ஸியை எடுத்துக்கொண்டு ஒருமுறை சூரிச்சில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். சுவிஸ் சாக்கெட் அறுகோணப் பள்ளம், மூன்று ஓட்டை, ஷூக்கோ முட்டி நின்றது. அக்காவுக்கு ஒரே சிரிப்பு, எர்த் இல்லாமல் உள்ளே போகவில்லையே என்று எனக்கு நிம்மதி. டென்மார்க்கின் பழைய சாக்கெட் அப்படி இல்லை. சிரிக்கிற முகம் மாதிரி இருக்கும், நம் ஜெர்மன் பிளக் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், மோட்டாரும் ஓடும், எர்த் மட்டும் சேராது. அங்கே நண்பர்கள் வீட்டுக்குப் போனால் இதை நினைவில் வையுங்கள்.

மிக்ஸியோடு ஜாருக்கான ரப்பர் வளையம் நான்கைந்து வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அது இங்கே சுலபமாகக் கிடைக்காது.