'வந்துச்சு'ன்னு மட்டும் பதில் வந்தா

கேள்வி: "சண்டை போட்டு அஞ்சு நாளாச்சு. தண்ணி லாரி வந்துச்சா, பையன் ஃபீஸ் கட்டியாச்சான்னு வாட்ஸ்அப்ல கேட்டா வீட்டுக்காரர் உடனே பதில் போடறார். இன்னும் கோவமான்னு கேட்டா பார்த்துட்டு விட்டுடறார். வீட்லயும் அதே கதைதான். இதுக்கு இன்னா அர்த்தம்? (தண்டையார்பேட்டை)"

பதில் வராத கேள்வியையே பார்த்துட்டு இருக்கீங்க. பதில் வர்ற கேள்வியைப் பாருங்க, விஷயம் அங்கதான் இருக்கு.

வந்த பதில்ல நீங்க கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தையாவது இருக்கான்னு கவனிக்கணும். ஹார்பர்ல ஷிப்ட் முடிச்சு பகல்ல வீட்ல இருக்கற கணவர், வேலைக்குப் போயிருக்கற மனைவின்னு வெச்சுக்கலாம். சண்டைக்கு முன்னாடி "லாரி வந்துச்சா?"ன்னு கேட்டா வர்ற பதில்: "வந்துச்சு. நாலு குடம்தான் கிடைச்சுது, கீழ் வீட்டுக்காரங்க டிரம்மைத் தூக்கிட்டு முன்னாடி வந்துட்டாங்க. நீ சாப்ட்டியா?" சண்டைக்கு மறுநாள்: "வந்துச்சு." மூணாம் நாள்: "வந்துச்சு. டிரம் ரொம்பல." அஞ்சாம் நாள்: "வந்துச்சு. நீ எத்தனை மணிக்கு வருவ?"

மூணு பதிலுமே மொட்டையாத்தான் தெரியும். ஆனா மூணாம் நாள்ல கேக்காத ஒரு தகவல் சேர்ந்திருக்கு. அஞ்சாம் நாள்ல அவர் பக்கத்துல இருந்து ஒரு கேள்வியே வந்துடுச்சு. இந்தத் திசையில போனா கோவம் இறங்குதுன்னு எடுத்துக்கலாம். "வந்துச்சு" இருந்த இடத்துல "ம்" வந்து, அப்புறம் அதுவும் போய், "அம்மாகிட்ட சொல்லு, ரேஷன் கார்டு அலமாரில இருக்கு"ன்னு பையனைத் தூது விட்டா இறுகுதுன்னு அர்த்தம். அதனால ஒத்தை மெசேஜை வெச்சு முடிவு கட்டாதீங்க. சண்டைக்கு முந்தின வாரத்து சாட்டைத் திறந்து பக்கத்துல வெச்சுப் பாருங்க. சில பேர் நல்ல நாள்லயே "ஓகே"க்கு மேல எழுத மாட்டாங்க, அவங்க "ஓகே"வுல கோவத்தைத் தேடி பிரயோஜனம் இல்ல.

(லாரி நேரத்தை ஒழுங்கா சொல்லித் தொலைச்சா நம்ம பக்கத்துப் புருஷன் பொண்டாட்டி மெசேஜ்ல பாதி குறைஞ்சிடும். அதைக் கேக்க ஆளில்ல.)

முதல் நாள் மௌனத்தைக் கணக்குலயே சேர்க்காதீங்க. தம்பதிகள் சண்டையை ஆய்வுக்கூடத்துல வெச்சு ஆராய்ஞ்ச அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மேன் சொல்றது இது: வாக்குவாதத்துல இதயத்துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டிட்டா எதிராளி சொல்றது காதுல சரியா ஏறாது, உடம்பு அடங்க குறைஞ்சது 20 நிமிஷம் வேணும். அந்த நேரத்துல 'அவ எப்படி அதைச் சொல்லலாம்'னு மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே இருந்தா அடங்கவும் அடங்காது. இப்படி சுவர் மாதிரி ஆகிடறது அவர் பார்த்த ஜோடிகள்ல பெரும்பாலும் ஆண்கள்தான். உடனே 'ஆம்பளைக்கு வக்காலத்து வாங்கறான்'னு கீழ வந்து எழுதாதீங்க. அன்னிக்கு ராத்திரி பேசாததுக்கு உடம்பு காரணமா இருக்கலாம். அஞ்சாம் நாள் பேசாததுக்கு உடம்பைச் சொல்ல முடியாது, வேற காரணம் இருக்கணும்.

அந்தக் காரணம் பல நேரம் நம்ம மெசேஜ்லயே கிடக்கும். அவர் அனுப்பினதை மட்டும் படிக்காம நீங்க அனுப்பினதையும் படிங்க. சண்டை தம்பிக்குக் கொடுத்த சீட்டுப் பணத்தால வந்துச்சு, "தம்பின்னா மட்டும் கையில காசு முளைக்குது"ன்னு மாமியார் எதிர்லயே மனைவி சொல்லிட்டாங்கன்னு வைங்க. மூணாம் நாள் அவங்க அனுப்பறது இப்படி இருக்கும்: "லாரி வந்துச்சா? இன்னும் கோவமா? நான் சொன்னது தப்புதான், ஆனா நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பதில்: "வந்துச்சு."

இது அலட்சியம் மாதிரி தெரியும். ஆனா அந்த ஒரே மெசேஜ்ல லாரி, கோவம், மன்னிப்பு, புகார்னு நாலு இருக்கு. சுலபமா கைக்குக் கிடைக்கறது லாரி, அதை எடுத்துக்கிட்டு மீதியை விட்டுட்டார். "இன்னும் கோவமா?"ன்னா ஆமான்னு சொன்னாலும் வம்பு, இல்லைன்னு சொன்னா பொய். "ஆனா"வுக்கு அப்புறம் வர்றது பழைய சண்டையோட அடுத்த ரவுண்டு. இதையே விடாம கேட்டுக்கிட்டு இருந்தா, ஒருத்தர் துரத்த துரத்த மத்தவர் உள்ள போற சுழலா மாறிடும்.

அதனால பிரிச்சு அனுப்புங்க. லாரி தனி. மன்னிப்பு தனி, அதுல கேள்வியும் கூடாது, "ஆனா"வும் கூடாது: "அத்தை எதிர்ல அப்படி சொன்னது தப்பு. தனியா கேட்டிருக்கணும்." இவ்வளவுதான். எந்தத் தப்புக்கு மன்னிப்புன்னு அதுல இருக்கு, சீட்டுப் பண விஷயத்தை விட்டுக் கொடுக்கவும் இல்ல. பதில் வரலைன்னா விட்டுடுங்க, அதுக்குப் பதில் தேவையில்ல.

சண்டையைப் பேச வைக்கணும்னா அதையும் லாரிக் கேள்வி மாதிரியே கேளுங்க. அவர் பதில் சொல்ற ரகம் எதுன்னு தெரிஞ்சுபோச்சே: நேரம், இடம், ஆமா, இல்ல. "பணத்தைப் பத்திப் பேசணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலமா, திங்கக்கிழமை நீங்க ஷிப்ட் முடிச்சு வந்ததுமா?" 'ஏன் பேச மாட்டேங்கறீங்க'க்கு வராத பதில் இதுக்கு வர வாய்ப்பு அதிகம்.

இடத்தையும் சேர்த்தே சொல்லுங்க. நம்ம பக்கத்து வீடுகள்ல ஒரு ஹால், ஒரு தடுப்பு, அதுக்கு அந்தப் பக்கம் மாமியார் படுத்திருப்பாங்க. அங்க வாயைத் திறந்தா மூணாவது ஆள் தீர்ப்பு சொல்வாங்க, அதுக்குப் பயந்தே பேசாம இருக்கற ஆம்பளைங்க நிறைய. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோவிலுக்குப் போயிட்டு நடந்துக்கிட்டே பேசுங்க. பக்கத்துல பக்கத்துல நடக்கும்போது ஒருத்தரை ஒருத்தர் முறைக்க வேண்டியதில்ல. இடம் மாறினதும் அவர் பேச ஆரம்பிச்சா, இத்தனை நாள் மௌனத்துல பாதி வீட்டோட அமைப்பால வந்ததுன்னு புரிஞ்சுக்கலாம்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. பதில் வருதேன்னு சும்மாவே "கேஸ் புக் பண்ணீங்களா", "சாவி எங்க"ன்னு தூண்டில் போடறது. ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுடுவார். அப்புறம் நிஜமான கேள்விக்கும் "ம்"தான் வரும், எது கோவம் எது சலிப்புன்னு உங்களால பிரிக்கவே முடியாது.

இவ்வளவும் நடைமுறைக் கேள்விக்குப் பதில் வர்ற வரைக்கும்தான். குழந்தைக்குக் காய்ச்சல், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அனுப்பினாலும் பதில் இல்லைன்னா கதை வேற. நீங்க கால்ல விழுந்தா மட்டும் மௌனம் கலையும், சண்டைக்கான விஷயம் ஒவ்வொரு தடவையும் பேசாமலே புதைஞ்சு போகும்னா அது கோவம் இல்ல, உங்களைப் பழக்கறாங்க. மௌனத்தோட வீட்டுச் செலவுக்குப் பணமும் நின்னுபோனா, 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதைப் பொருளாதார வன்முறைக்குள்ள கொண்டு வருது. அப்போ கோவிலுக்கெல்லாம் கூப்பிட்டுக்கிட்டு இருக்காதீங்க, பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணுங்க.

நீங்க எழுதினதுல ஃபீஸ், லாரி ரெண்டுக்கும் உடனே பதில் வந்திருக்கு, அதனால உங்களது இந்த ரகம் மாதிரி தெரியல. அந்தப் பதில்கள்ல கேட்டதுக்கு மேல ஏதாவது இருந்துச்சான்னு மட்டும் நீங்க எழுதவே இல்ல. சாட்டைப் பார்த்துட்டு கீழ போடுங்க.