மார்க் ஷீட்டுக்கே ஒரு பரீட்சை வையுங்கள்

"ஒரே மூச்சில் நிறைய டிசைன் வேரியேஷன் போட்டு, ஒரு மார்க் ஷீட் வைத்துத் தேர்ந்தெடுத்தால் டீமில் சண்டை குறையுமா?"

குறையும். ஆனால் அந்த ஷீட் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாங்கள் நம்பி, தவறான பேனரை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய் அவமானப்பட்டோம்.

லேஅவுட் 3, நிறம் 4, எழுத்துரு 3; மொத்தம் 36 பேனர். ஸ்கிரிப்ட் ஓட்டி ஒரேயடியாக எடுத்தோம். `L2-C3-F1.png` என்று பெயரிலேயே எல்லாம் இருந்தது. படிக்க எளிதா என்பதற்கு எடை 3, பிராண்டுக்குப் பொருந்துகிறதா என்பதற்கு 2, கண்ணை இழுக்கிறதா என்பதற்கு 1. ஐந்து பேர், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஷீட்டின் 2-ஆம் வரிசையில் எடைகள், 3-இலிருந்து மதிப்பெண்கள்; எடையோடு சராசரி எடுக்க இந்த ஃபார்முலா:

```
=SUMPRODUCT(B$2:D$2,B3:D3)/SUM(B$2:D$2)
```

ஒரு பேனர் 4, 3, 3 வாங்கியது. இன்னொன்று 2, 5, 5. கணக்குப் போட்டால் இரண்டுக்கும் 3.5! இரண்டாவது பேனரில் வெளிர் மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து, போனில் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. அழகு மார்க் அந்தக் குறையை மூடிவிட்டது, நாங்களும் அதைத்தான் அனுப்பினோம்.

அதற்கப்புறம் படிக்க முடிவதை மதிப்பெண்ணாக வைக்கவில்லை, வாசற்படியாக வைத்தோம். எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் 4.5:1 இல்லையென்றால் ஷீட்டுக்குள்ளேயே வராது. மிஞ்சியது 21.

அடுத்த மாற்றம்தான் முக்கியம். மூன்று பேனர்களை வேறு எண் கொடுத்து மறுபடியும் நடுவில் நுழைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனியாக, வேறு வேறு வரிசையில் பார்த்து மார்க் போட்டார்கள். முன்பு கூட்டத்தில் சீனியர் "இது நல்லா இருக்கே" என்றதும் எல்லோர் மார்க்கும் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். முடிவில், ஒரே பேனர் ஓரிடத்தில் சராசரி 3.9, இன்னோரிடத்தில் 3.3. அதாவது 0.6 வரையிலான வித்தியாசத்துக்கு எங்கள் ஷீட்டில் அர்த்தமே இல்லை. முதல் எட்டு பேனர்களும் அந்த 0.6-க்குள்தான் நின்றன. முதலிடம், மூன்றாமிடம் என்று நாங்கள் சண்டை போட்டதெல்லாம் வீண்.

"ஐந்து பேர், மூன்று நகல், இதெல்லாம் புள்ளியியலா?" என்று யாராவது வருவீர்கள். இல்லைதான், நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நகல் வைக்காமல் 3.8-ஐ விட 3.9 மேல் என்று முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்ட் இருப்பது தெரிந்ததும் அந்த வாடிக்கையாளர் "இன்னும் ஐம்பது போடுங்கள், பட்டன் அமுக்குவதுதானே" என்றார், கூடுதல் பணம் இல்லாமல். பேனர் போடுவதற்கு நேரம் ஆகாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குத்தான் ஆகிறது, அதற்கு யாரும் பணம் தருவதில்லை.

சரி, அந்த எட்டை என்ன செய்தோம்? ஷீட்டை மூடிவிட்டு, இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து, எது மேல் என்று மட்டும் கேட்டோம். 28 ஜோடி. அதிக ஜோடிகளில் ஜெயித்ததை அனுப்பினோம். ஷீட்டில் அது ஐந்தாவது இடத்தில் இருந்தது.