அன்லிஸ்டட் லிங்க் டெலிகிராமில் சுற்றுகிறது, என்ன செய்ய?

கேள்வி: ஆரி எம்பிராய்டரி கோர்ஸ் நடத்துகிறேன். 22 வீடியோ, மொத்தம் 9 மணி நேரம், கட்டணம் 2,500 ரூபாய். யூடியூபில் அன்லிஸ்டட் ஆகப் போட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் கொடுத்து வந்தேன். போன மாதம் அந்த லிங்க்குகள் ஒரு டெலிகிராம் சேனலில் கிடந்தன. எனக்கென்று வெப்சைட் இருக்கிறது. பிரைவேட் ஆக்கினால் போதுமா, காசு கொடுத்து வேறு இடத்தில் வைக்கவேண்டுமா? டவுன்லோடு செய்யவே முடியாதபடி ஏதாவது இருக்கிறதா?
– மேற்கு மாம்பலம் வாசகி

பதில்: முதல் வேலையாக இன்றே அந்த 22 வீடியோவையும் பிரைவேட் ஆக்கிவிடுங்கள். டெலிகிராமில் கிடக்கும் லிங்க்குகள் அந்த நிமிடமே செத்துப்போகும். கோர்ஸ் நடுவில் இருப்பவர்களிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பிரைவேட்டிலேயே கோர்ஸ் நடத்த முடியாது. அதில் பார்க்க வேண்டியவர்களின் மின்னஞ்சலை நீங்களே சேர்க்கவேண்டும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் 22 வீடியோவிலும் அவரைச் சேர்க்கவேண்டும். அதோடு, பிரைவேட் வீடியோவை உங்கள் வெப்சைட்டில் பதிக்கவும் முடியாது. அன்லிஸ்டட் என்பது வீட்டு எண் எழுதாத வீடு மாதிரி: தேடினால் கிடைக்காது, வழி தெரிந்தவர் யாரும் நுழையலாம். யார் வந்தது என்று யூடியூப் கேட்பதே இல்லை. இலவச டெமோ வகுப்புக்கு அது போதும்.

உங்களுக்குத் தேவை டொமைன் கட்டுப்பாடு. விமியோவின் கட்டணத் திட்டங்களிலும், பன்னி ஸ்ட்ரீம் போன்ற வீடியோ சேவைகளிலும் இது உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வீடியோ கேட்கப்படுகிறது என்பதை பிரவுசர் சொல்லும். நீங்கள் அனுமதித்த முகவரிகளின் பட்டியலில் உங்கள் வெப்சைட் இருந்தால்தான் வீடியோ ஓடும். பலர் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். வீடியோவைப் பூட்டிவிட்டு, அது இருக்கும் பக்கத்தை லாகின் இல்லாமல் திறந்து வைத்துவிடுவார்கள். அப்புறம் வீடியோ லிங்க்குக்குப் பதிலாகப் பக்கத்தின் லிங்க் சுற்றும், அவ்வளவுதான் வித்தியாசம். நானே ஒரு சமையல் கோர்ஸுக்கு இப்படி அமைத்துக் கொடுத்து அசடு வழிந்திருக்கிறேன்.

அமைத்து முடித்ததும் சோதித்துப் பாருங்கள். இன்காக்னிட்டோ ஜன்னலில் முதலில் பாடப் பக்கத்தின் முகவரியை ஒட்டுங்கள்; லாகின் கேட்கவேண்டும். பிறகு வெப்சைட்டில் பதிக்கும் எம்பெட் கோடில் உள்ள வீடியோ முகவரியை மட்டும் தனியாக ஒட்டுங்கள், ஓடக்கூடாது. இரண்டில் ஒன்று திறந்தாலும் பூட்டு சரியில்லை. மாறாக, காசு கட்டியவருக்கே ஓடவில்லை என்றால், பட்டியலில் www உள்ள முகவரி, இல்லாத முகவரி இரண்டையும் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

டவுன்லோடு விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டவுன்லோடு பட்டனை மறைப்பது திரை போடுவதுதான். திரையில் ஓடவேண்டும் என்றால் வீடியோ துண்டு துண்டாக மாணவியின் போனுக்கு வந்தே ஆகவேண்டும். அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டும் எக்ஸ்டென்ஷன்கள் நிறைய. அதைத் தடுப்பது, துண்டுகளைப் பூட்டியே அனுப்பும் டிஆர்எம் தொழில்நுட்பம்: கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்ப்ளே. இவை இரண்டையும் தரும் விடோசைஃபர் நம் நாட்டு நிறுவனம். டிஆர்எம் சரியாக வேலை செய்யும் போனில் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்தால் கறுப்புத் திரைதான் பதிவாகும். லேப்டாப்பில் குரோமில் பார்ப்பவரிடம் அந்த உறுதி கிடையாது. இன்னொரு போனை எதிரே வைத்துப் படம் பிடிப்பவரை எந்த டிஆர்எம்மும் நிறுத்தாது. அவருக்கு மருந்து வாட்டர்மார்க்: பார்ப்பவரின் பெயரும் போன் நம்பரும் மங்கலாக, இடம் மாறி மாறி வீடியோ மேலேயே ஓடும். தன் நம்பரோடு வீடியோவை வெளியே விட யாருக்கும் கை வராது.

2,500 ரூபாய் கோர்ஸுக்கு டிஆர்எம் வேண்டாம் என்பேன். லாகின், டொமைன் கட்டுப்பாடு, முடிந்தால் வாட்டர்மார்க். பிரைடல் பிளவுஸ் மாதிரி பெரிய கட்டணத்தில் தனி கோர்ஸ் வரும்போது டிஆர்எம்மை யோசிக்கலாம்.

பணம் கட்டும் முன் ஒரு கணக்கு. 720p தரத்தில் நொடிக்கு 1.5 மெகாபிட் என்று வைத்தால் 9 மணி நேரம் சுமார் 6 ஜிபி. சேமிக்க இது ஒன்றுமே இல்லை. ஆனால் 100 பேர் இரண்டு தடவை பார்த்தால் 1,200 ஜிபி வெளியே போகிறது. ஆரியில் கொக்கி எப்படித் திரும்புகிறது என்று ஒரே இடத்தைப் பத்து தடவை ஓட்டிப் பார்ப்பார்கள், அதனால் நிஜத்தில் இன்னும் கூடும். ஆகவே சேமிப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். மாதம் எத்தனை ஜிபி வரை வெளியே போகலாம், தாண்டினால் வீடியோ நிற்குமா, பில் ஏறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத் திட்டத்தில் ஐந்து வீடியோவை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகு வருடக் கட்டணத்துக்குப் போகலாம். ஒரிஜினல் ஃபைல்களின் ஒரு பிரதி உங்கள் ஹார்டு டிஸ்கில் எப்போதும் இருக்கட்டும்.