மண்டோர் கேட்ட பதவி உயர்வை மறுத்து எழுதுவது எப்படி?

"தெலுக் இந்தான் பக்கம் எங்களுக்குச் சின்னச் செம்பனைத் தோட்டம். 11 வருஷமாக வெட்டு ஆள்களை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கும் அண்ணன் ஒருவர், அதற்கு மேல்படியான தோட்டக் கண்டக்டர் வேலை கேட்டு எழுதியிருக்கிறார். ஆள்களை வேலை வாங்குவதில் கெட்டிக்காரர்; குலைக் கணக்குதான் அடிக்கடி உதைக்கிறது. 'காலியிடம் இல்லை' என்று எழுதிவிடலாமா?"

அப்படி எழுதாதீர்கள். ஆறு மாதத்தில் வெளியாள் ஒருவரைக் கண்டக்டராகக் கொண்டுவந்தால் பொய் அன்றே தெரிந்துவிடும். மறுநாள் காலை ஆள்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டில் அவர் முகத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் காரணத்தைச் சரிபாருங்கள். அவர் புத்தகத்தில் 412 குலை, அந்தத் தோப்பின் சராசரி 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 7,400 கிலோ வர வேண்டும். ஆலையின் எடைச்சீட்டில் 6,200தான் இருக்கிறது. உடனே அவர் தவறு என்று சொல்ல முடியாது. மழையில் லோரி உள்ளே வராமல் குலைகள் சாலையோரத்தில் தங்கியிருக்கலாம், இளம் மரங்களின் சின்னக் குலைகளை அதிகம் வெட்டியிருக்கலாம். மூன்று மாதச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, விளக்கம் இல்லாத நாள்களை மட்டும் குறியுங்கள். அந்தத் தேதிகளே உங்கள் கடிதத்தின் காரணம்.

கடிதத்தில் முடிவு முதல் வரியிலேயே வரட்டும். இப்படி எழுதலாம்:

"உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தேன். இந்த முறை கண்டக்டர் பதவியை உங்களுக்குத் தர முடியவில்லை. அந்த வேலையில் பாதி, கணக்கை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடுவது. கீழே குறித்த நான்கு நாள்களில் குலைக் கணக்கும் எடைச்சீட்டும் ஒத்துவரவில்லை, காரணமும் எழுதப்படவில்லை. வெட்டுக் குழுவை நீங்கள் நடத்தும் விதத்தில் எங்களுக்குக் குறையே இல்லை."

'வயதாகிவிட்டது', 'படிப்பு போதாது' போன்ற சொற்கள் வேண்டாம். அவை ஆளைப் பற்றியவை. வேலையில் அவர் மாற்றிக்கொள்ளக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

அடுத்து, அவர் குறையைச் சரிசெய்ய ஒரு வழி. முதல் இரண்டு மாதம், வாரம் இரண்டு பிற்பகல் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியோடு உட்கார்ந்து சீட்டையும் புத்தகத்தையும் ஒத்துப் பார்க்கட்டும். பிறகு நான்கு மாதம் மாதக் கணக்கை அவரே முடிக்கட்டும், கிராணி சரிபார்க்கட்டும். வித்தியாசம் வரும் நாளில் அன்றே காரணம் எழுத வேண்டும் என்பதுதான் அளவுகோல். ஆறாம் மாத முடிவில் எந்தத் தேதியில் பேசுவோம் என்பதையும் எழுதிவிடுங்கள். இந்தக் காலத்தில் கண்டக்டர் வேலையை முழுதாகச் செய்ய வைத்தால், அதற்குரிய படியும் கொடுங்கள். இல்லாவிட்டால் பயிற்சி என்ற பேரில் இலவச உழைப்பாகிவிடும்.

ஒரு வாக்கியத்தில் மட்டும் கவனம். "முடித்தால் பதவி உங்களுக்கே" என்று எழுதினால் அது வாக்குறுதி. "மறுபடி பரிசீலிப்போம்" என்பதே சரி. மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 13(3) பிரிவுப்படி, பதவி உயர்வைக் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையாகத் தொழிற்சங்கம் வைக்க முடியாது. ஆனால் நீங்களே எழுதிக் கொடுத்த வாக்கு வேறு விஷயம். வெளியாள் வந்தாலும் இதே கணக்குச் சோதனையை அவருக்கும் வையுங்கள்.

கடிதத்தைப் பெரட்டில் நீட்ட வேண்டாம். சம்பள நாளும் வேண்டாம். சாதாரண நாளில், வெட்டு முடிந்த பிறகு, ஆபீசில் கதவைச் சாத்திவிட்டு முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு கையில் கொடுங்கள். அவர் தேதிகளை மறுத்தால் சீட்டுகளை எடுத்து வைக்கத் தயாராக இருங்கள்.