பொன்னான நேரம்

அன்புள்ள ஐயா,

நேற்று ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு நேர்காணல். பதிப்பாசிரியர் அரை மணி நேரம் பேசினார். 'வேலை தேடினான்', 'வேலைத் தேடினான்' இரண்டுக்கும் வேறுபாடு கேட்டார், விழித்தேன். திரும்பும்போது பஸ்ஸில்தான் விடை தோன்றியது. நன்றி சொல்ல எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது; இணைத்திருக்கிறேன். "தங்களது பொன்னான நேரத்தை ஒதுக்கி எளியேனையும் ஒரு பொருட்டாக மதித்து நேர்காணல் வாய்ப்பினை நல்கியமைக்கு என் சிரம் தாழ்ந்த நன்றியைத் தங்கள் பாதங்களில் சமர்ப்பிக்கின்றேன்" என்று தொடங்கியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா, மின்னஞ்சல்தான் முறையா? அரசுத் தேர்வில் நேர்முகம் முடித்திருக்கும் என் தம்பியும் இப்படி எழுதலாமா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

உங்களை எந்த வழியில் அழைத்தார்களோ அதே வழியில் அனுப்புங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பேசியது பதிப்பாசிரியர் நினைவில் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும் என்பதால், நீங்கள் எழுதிய அன்று மாலையே நன்றிக் கடிதத்தைத் திருத்தி உங்களுக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் உங்கள் முதல் வாக்கியம் இன்றுவரை என்னை விடவில்லை.

என் அப்பா தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுத்தவர். முதியோர் உதவித்தொகை கிடைத்த ஒரு பாட்டி, குமாஸ்தாவுக்கு நன்றிக் கடிதம் வேண்டும் என்று வந்தார். அப்பா பழக்கத்தில் "ஐயா அவர்கள் சமூகத்திற்கு" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிப் படித்துக் காட்டினார். "பணம் இன்னும் வரவில்லை என்று கேட்பது போல இருக்கிறதே" என்றார் பாட்டி. அப்பா தாளைக் கிழித்துவிட்டு, என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். "மழையில் நனைந்து போய் நின்றேன். உட்காரச் சொல்லிவிட்டு, பீரோவைத் திறந்து பழைய கட்டெல்லாம் பிரித்து என் காகிதத்தைத் தேடினார். அதை எழுது." மூன்று வரியில் முடிந்தது.

உங்கள் கடிதம் அப்பா கிழித்த தாள். பொன்னான நேரம், எளியேன், பாதங்கள் எல்லாம் இருக்கின்றன; அந்த மனிதர் உங்களுக்காக என்ன செய்தார் என்பது மட்டும் இல்லை. நீங்கள் திருத்திய பக்கத்தை வரிவரியாகப் பார்த்து, விட்ட பிழைகளைக் காட்டினார் என்று கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நன்றி அதற்குத்தானே!

'எளியேன்' என்ற சொல்லுக்காக உங்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். நீங்கள் கேட்பது எந்த வேலை? பெரிய எழுத்தாளரின் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, "ஐயா, இந்த வரி தவறு" என்று சொல்லும் வேலை. காலில் விழுந்துகொண்டே கடிதம் எழுதுகிறவர் அதைச் சொல்வார் என்று பதிப்பாசிரியர் எப்படி நம்புவார்? அவருக்கும் ஆள் தேவை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து பேசியவர்கள்.

படிப்பு, அனுபவம் பற்றிய பத்தியை எடுத்துவிட்டேன். உங்கள் விண்ணப்பம் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. வீட்டுக் கஷ்டத்தையும் எடுத்தேன். எனக்கும் அது வலித்தது, ஆனால் நன்றிக் கடிதத்தில் அது மறுபடியும் மனுவாகிவிடுகிறது. 'முடிவு எப்போது' என்ற கேள்வியும் அப்படித்தான். ஒன்றரைப் பக்கத்தில் மூன்று எழுத்துப்பிழைகள் வேறு ஒளிந்திருந்தன. மெய்ப்புத் திருத்த வருகிறவரின் கடிதத்தில் ஒன்று இருந்தாலே போதும். எஞ்சியது இவ்வளவு:

"வணக்கம் ஐயா. நேற்று நான் திருத்திய பக்கத்தை வரிவரியாகப் பார்த்து, விட்ட பிழைகளைக் காட்டினீர்கள். மிக்க நன்றி. 'வேலைத் தேடினான்' பற்றிக் கேட்டபோது தடுமாறினேன். அங்கே தேடியது வேல். வேல் என்ற சொல்லோடு 'ஐ' உருபு வெளிப்பட வருவதால் ஒற்று மிகுகிறது. 'வேலை தேடினான்' என்பதில் தேடியது பணி. உருபு மறைந்திருப்பதால் மிகவில்லை. உங்களிடம் வேலை செய்ய விரும்புகிறேன். இன்னொரு பக்கம் திருத்திக் காட்ட வேண்டுமென்றால் அனுப்புங்கள்."

பஸ்ஸில் வந்த விடையைப் பயனில்லாமல் போன விடை என்று நினைத்துவிட்டீர்கள். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வியை நீங்கள் விடவில்லை என்பதை வேறு எப்படிக் காட்டுவீர்கள்? ஆனால் ஒரு விடையைத்தான் இப்படிச் சரிசெய்யலாம். மூன்றைத் திருத்தினால் தேர்வை மறுபடி எழுதுவது போலாகிவிடும். வேறு ஒருவரை எடுப்பதென்று அவர்கள் முடிவு செய்திருந்தால் இந்தக் கடிதம் அதை மாற்றாது.

உங்கள் தம்பி எழுத வேண்டாம். அரசுப் பணி அறிவிக்கைகளில், எந்த வகையிலும் ஆதரவு தேட முயன்றால் தகுதி நீக்கம் என்று வழக்கமாக எச்சரித்திருப்பார்கள். நேர்முகம் நடத்தியவருக்கு அனுப்பும் நன்றியையும் அப்படி எடுத்துக்கொள்ள இடம் உண்டு. முடிவு வரும்வரை அவர்கள் யாருக்கும் அவன் ஒரு வரிகூட அனுப்பக் கூடாது.