நோ காஸ்ட் ஈஎம்ஐ-ல ஜிஎஸ்டி எங்கேர்ந்து வந்துச்சு? வாசகர் கேள்விங்களுக்கு பதில்

இந்த வாட்டி வந்ததுல முக்கால்வாசி ஒரே புகார்தான், "வட்டியே இல்லன்னாங்க, பில்லுல காசு கூட வருது". அதனால மத்த கேள்விங்களை அடுத்த தடவைக்கு தள்ளிட்டேன்.

காட்பாடியிலேர்ந்து ஒரு வாசகர்: சார், 30,000 ரூபா போன், 6 மாசம் நோ காஸ்ட், மாசம் 5,000னு சொல்லி கிரெடிட் கார்டுல தேய்ச்சாங்க. முதல் பில்லுல 5,304 வந்துருக்கு. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

கடைக்காரர் ஏமாத்தல, பாதிய சொல்லாம விட்டுட்டார், அவ்ளோதான். நடக்கறது என்னன்னா, பேங்க் எப்பவும் போல வட்டி போடும், வருஷத்துக்கு 16 சதவீதம்னு வெச்சுக்கங்க. அந்த வட்டி எவ்ளோ வருமோ அதை கம்பெனியோ கடையோ முன்னாடியே தள்ளுபடியா கழிச்சிடும். உங்க கணக்குல அது சுமார் 1,350 ரூபா. அப்போ பேங்க் உங்களுக்கு கடனா எழுதினது 30,000 இல்ல, 28,650. அதுக்கு 6 மாசத்துக்கு 1,350 வட்டி சேர்த்தா மறுபடி 30,000, அதை ஆறா பிரிச்சா 5,000. கணக்கு சரியா இருக்கா? ஆனா அந்த 1,350 வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கே, அது சுமார் 243, அதை யாரும் கழிச்சுக் குடுக்கல, அது உங்க தலையிலதான். முதல் மாசம் பாக்கி அதிகம்கறதால வட்டி 382, அதுக்கு வரி 69. கடைசி மாசம் வட்டி 66தான், வரி வெறும் 12. இதோட ப்ராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி போட்டு 235. 5,000 + 69 + 235, உங்க 5,304 வந்துடுச்சா? மொத்தமா 480 ரூபா கிட்ட கூட போகும். பில்லை கடைசி வரி வரைக்கும் படிங்க, வட்டி, வட்டிக்கு வரி, ஃபீஸ், ஃபீஸுக்கு வரின்னு தனித்தனியாத்தான் இருக்கும், நீங்க அனுப்பின போட்டோவுல மேல் பாதி மட்டும்தான் இருக்கு.

ஆம்பூர்: வீட்டு லோன் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்ல, இதுக்கு மட்டும் எதுக்கு?

கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, ஆனா அந்த விலக்குலேர்ந்து கிரெடிட் கார்டு வட்டிய மட்டும் சட்டத்துலயே தனியா வெளிய எடுத்துட்டாங்க. அதனால உங்க வட்டிய கடை குடுத்தாலும் சரி, யார் குடுத்தாலும் சரி, பேங்க் கணக்குல அது வட்டி, வட்டின்னா வரி. பேங்க்கோட சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல.

ராணிப்பேட்டை: அப்போ கார்டு இல்லாம கடையிலயே ஃபைனான்ஸ் போட்டா வரி மிச்சமா?

வட்டிக்கு வரி மிச்சம், ஆமா. ஆனா அங்க ப்ராசஸிங் ஃபீஸ், டாக்குமெண்ட் சார்ஜ்னு ஏதாவது இருக்கும், அதுக்கெல்லாம் 18 சதவீதம் உண்டு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மொத்தம் எவ்ளோ கட்டணும்னு ஒரே நம்பரா எழுதி வாங்குங்க.

சத்துவாச்சாரி: அண்ணா, நானும் இதே 30,000 ரூபா போன் 6 மாச நோ காஸ்ட்ல எடுத்தேன். மறுநாளே என் மச்சான் அதே கடையில மொத்த பணமும் கட்டி 28,500க்கு வாங்கிட்டு வந்துட்டான். வட்டியே இல்லாதப்போ எனக்கு எப்படி நஷ்டம் வந்துச்சு?

வாங்க, இதுக்குத்தான் நான் காத்துட்டு இருந்தேன். எத்தனை வாட்டி எழுதினாலும் மறுபடி மறுபடி வர்ற கடிதம் இது. ஜிஎஸ்டிய பத்தி புலம்பறீங்க, அது 243 ரூபா, உங்க கண்ணுக்கு தெரியறதால கோவம் வருது. 1,500 ரூபா தள்ளுபடி போனது பில்லுலயே வராது, அதனால யாருக்கும் வலிக்கல. கடைக்காரர் கையில ஒரு தொகை இருக்கு, அதை மொத்தமா கட்டறவருக்கு விலை குறைப்பா குடுப்பார், தவணை கேக்கறவருக்கு வட்டிக்கு பதிலா பேங்க் பக்கம் தள்ளிடுவார். ரெண்டும் ஒரே துட்டு. உங்க தள்ளுபடிய எடுத்து உங்க வட்டிய கட்டிட்டு, அதுக்கு நோ காஸ்ட்னு பேர் வெச்சா, செலவு யாருது?

இப்ப கணக்கு பாருங்க. உங்க மச்சான் விலை 28,500. நீங்க கடைசியில கட்டப்போறது 30,480. வித்தியாசம் 1,980. "அட 28,500க்கு 1,980தானே, 7 சதவீதம்"னு நினைக்காதீங்க, மாசா மாசம் நீங்க அசல கட்டிட்டே வர்றீங்க, ஆறு மாசமும் முழு பணத்தை வெச்சுட்டு இருக்கல. அப்படி போட்டு பாத்தா வருஷ வட்டி 23, 24 சதவீதம் வருது, பர்சனல் லோனே இதைவிட கம்மியா கிடைக்கும். 2013லயே ரிசர்வ் பேங்க் பேங்குங்களுக்கு சொல்லிடுச்சு, ஜீரோ பர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு. அதுக்கப்புறம் பேர்தான் மாறுச்சு.

அதுக்காக எல்லாமே மோசம்னு சொல்லல. மொத்தமா கட்டினாலும் 30,000தான், கார்டு ஆஃபர், கூப்பன் எதுவும் இல்லன்னா, உங்களுக்கு ஆகற செலவு 480 மட்டும்தான், அது வருஷ கணக்குல அஞ்சரை சதவீதம் கிட்ட. பணம் எஃப்டியில தூங்குதுன்னா அப்படியே விட்டுட்டு தவணையில எடுக்கலாம், தப்பில்ல. ஆனா 3 மாச தவணைன்னா ஃபீஸ் அதே 235தான், அதனால அதே கணக்கு ஏழரை சதவீதம் ஆயிடும். சின்ன தவணை சல்லிசுன்னு நினைக்கறது தப்பு.

அதனால லாங் பஜாரோ ஆன்லைனோ, கார்டை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி, "மொத்தமா இப்பவே கட்டினா கடைசி விலை என்ன?" ஈஎம்ஐங்கற வார்த்தைய முதல்ல வாயிலேர்ந்து விடாதீங்க. விலை பேசி முடிச்சப்புறம், அதே விலைக்கு நோ காஸ்ட் தருவீங்களான்னு கேளுங்க. ஆன்லைன்ல ரெண்டு வழியிலயும் கடைசி பக்கம் வரைக்கும் போய் தொகைய பாருங்க, சில ஆஃபர்ல கார்டு தள்ளுபடி ஈஎம்ஐக்கும் சேந்தே வரும், அப்படி வந்தா எடுங்க.

குடியாத்தம்: வாங்கின டிவிய திருப்பிக் குடுத்துட்டேன், ரீஃபண்டும் வந்துடுச்சு, ஆனா ஈஎம்ஐ இன்னும் போகுது, இன்னா சார் இது?

ரீஃபண்ட் வேற, ஈஎம்ஐ வேற. கடை பணத்தை கார்டு கணக்குல வரவு வெச்சிடும், தவணைய கேன்சல் பண்ண பேங்குக்கு நீங்கதான் போன் பண்ணணும் இல்ல ஆப்ல ரிக்வெஸ்ட் போடணும். முன்னாடியே கழிச்ச வட்டித் தள்ளுபடி உங்களுக்கு வராது, அது உங்க பணமே இல்ல. ப்ராசஸிங் ஃபீஸும் அதுவரைக்கும் போன வட்டியும் வரியும் பெரும்பாலும் திரும்பாது. கூப்பிடறப்போ முன்கூட்டியே முடிக்கற சார்ஜ் போடக்கூடாது, இது பொருள் ரிட்டர்ன்னு தெளிவா சொல்லுங்க, சொல்லலன்னா 3 சதவீதம் மாதிரி ஒண்ணு போட்டுட்டு அதுக்கும் ஜிஎஸ்டி போடுவாங்க.

ஆரணி பட்டுக்கடைக்காரர்: கடைக்கு ஏசி வாங்கினேன், வட்டிக்கு கட்டின ஜிஎஸ்டிய இன்புட் எடுக்கலாமா?

சொந்தப் பேர்ல இருக்கற கார்டுன்னா ஆசைப்படாதீங்க. உங்க ஜிஎஸ்டி நம்பர் போட்டு பேங்க் பில் குடுத்தா ஆடிட்டர்கிட்ட காட்டுங்க.

வாலாஜாபேட்டை: சார் ஆஃபர் நல்லதா? சீக்கிரம் சொல்லுங்க.

எந்தப் பொருள், என்ன விலை, எத்தனை மாசம், எந்த கார்டு? ஒண்ணுமே எழுதல. மொத்தமா கட்டினா என்ன விலைன்னு கடையில கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க.

ஆற்காடு: 30,000க்கு ஈஎம்ஐ போட்டேன், மாசம் 5,000தானே, கார்டு லிமிட் ஏன் மொத்தமா குறைஞ்சுடுச்சு?

கடன் தொகை முழுசும் லிமிட்ல லாக் ஆகும், கட்டக் கட்டத்தான் திறக்கும். இன்னொண்ணு, மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு பாக்கிய தள்ளாதீங்க, அந்த கார்டுல நீங்க வாங்கற மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கின நாள்லேர்ந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிடும், அந்த வட்டிக்கும் 18 சதவீதம் உண்டு.