அப்பாவின் நினைவஞ்சலிப் படத்தில் நோயின் அடையாளங்களை எடுக்கலாமா?

"அப்பாவின் கடைசிப் படத்தில் மூக்கில் ஆக்சிஜன் டியூப், கன்னம் ஒட்டியிருக்கிறது. பதினாறாம் நாளுக்கு ரீடச் செய்யலாமா?"

டியூபை எடுக்கலாம், கன்னத்தைத் தொட வேண்டாம். ரீடச் என்றால் படத்தில் ஓர் இடத்தை அழித்து, பக்கத்துத் தோலை வைத்து நிரப்புவது. சட்டையில் ஒட்டுப்போடுவது மாதிரி, அதே துணி கிடைத்தால் தெரியாது. டியூப் மெல்லிய கோடு, சுற்றிலும் அவர் தோலே இருக்கிறது. கண்ணில் மஞ்சள் தெரிந்தால் அதையும் நிறத்தைக் குறைத்தே சரிசெய்துவிடலாம். ஒட்டிய கன்னத்துக்கு அப்படிப் பக்கத்திலிருந்து எடுத்து நிரப்ப எதுவும் இல்லை. ஸ்டுடியோக்காரர் ஊகித்துத்தான் உப்ப வைப்பார். நிழல் மாறி, முகம் மெழுகாகி, யாரோ மாதிரி ஆகிவிடும். கன்னம்தான் உறுத்துகிறதென்றால் நோய்க்கு முந்தைய கல்யாண ஆல்பப் படமே மேல். அஞ்சலிக்குக் கடைசிப் படத்தைத்தான் வைக்க வேண்டும் என்று எந்த முறையும் கிடையாது.